மூன்று சுரம், நான்கு பெயர்

யாழ்ப்பாணக் குடாநாட்டுத் தேவாலயங்களில் தமிழ்ப் பாட்டு இரண்டு வழிகளில் வந்து சேர்ந்தது. ஒன்று ஐரோப்பிய மெட்டுகளுக்குத் தமிழ்ச் சொல் பொருத்திய பாமாலை. 1816இல் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் காலூன்றிய அமெரிக்க மிஷனும், அக்காலத்து ஆங்கில மிஷன்களும் தங்கள் பள்ளிக்கூடங்களோடு இவ்வகைப் பாட்டையும் பரப்பின. மற்றது தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் போன்றோரின் மரபில் கர்நாடக இராகங்களில் அமைந்த கீர்த்தனை. ஒரே ஞாயிறு ஆராதனையில் இரண்டும் பாடப்படும். இரண்டுக்கும் வாசிப்பவர் ஒருவர், கருவியும் ஒன்றுதான். முன்பு ஆர்மோனியமோ ஓகனோ இருந்த இடத்தில் இன்று கீபோட் இருக்கிறது, பக்கத்தில் ஒரு கிற்றாரும் சேர்ந்திருக்கிறது.

பாமாலைக்கு வாசிக்கும்போது அவருக்குச் சிக்கல் குறைவு. நான்கு குரல்களுக்கும் உரிய சுரங்கள் புத்தகத்திலேயே அச்சாகியிருக்கும். கீர்த்தனைக்கு அப்படி எதுவும் எழுதிவைக்கப்படவில்லை. பாட்டின் சுரங்களைக் கேட்டு, கிற்றார்காரர் 'கோட்' என்று சொல்லும் சுரக்கூட்டை அவரே தேடிப் பிடிக்க வேண்டும். பிடித்ததைப் பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்ல ஒரு பெயரும் வேண்டும். அது மேஜரா, மைனரா, டிமினிஷ்ட்டா, ஓக்மென்டட்டா என்பதை எதைக் கொண்டு முடிவுசெய்வது? இந்தக் கேள்விக்கு மேற்கத்தியக் கோட்பாடு சொன்ன விடையையும், அந்த விடை நம் இராகங்களுக்குள் வரும்போது எதுவரை செல்லுபடியாகிறது என்பதையும் இக்கட்டுரை பார்க்கிறது.

வட இலங்கைச் சங்கீத சபைத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைக்குப் பன்னிரண்டு சுரத்தானங்களும் மனப்பாடம். பெயரிடும் முறைக்கு அந்த அறிவே போதும் என்பது என் கருத்து. ஆர்மோனியத்தில் ஒரு கட்டையிலிருந்து, கறுப்போ வெள்ளையோ, அடுத்த கட்டைக்குப் போவது ஓர் அரைச்சுரம். சட்ஜத்தை 0 என்று வைத்தால் சுத்த ரிஷபம் 1, சதுஸ்ருதி ரிஷபம் 2, சாதாரண காந்தாரம் 3, அந்தர காந்தாரம் 4, சுத்த மத்தியமம் 5, பிரதி மத்தியமம் 6, பஞ்சமம் 7, சுத்த தைவதம் 8, சதுஸ்ருதி தைவதம் 9, கைசிகி நிஷாதம் 10, காகலி நிஷாதம் 11. மேல் சட்ஜம் 12. கீழே ரி1, ரி2, க2, க3 என்று எழுதுவது இவற்றையே. 'ஒரு கட்டை, இரண்டு கட்டை' என்று சுருதி சொல்லும் வழக்கத்தை மட்டும் இங்கே ஒதுக்கிவைக்க வேண்டும். அந்த வழக்கில் மூன்று கட்டைக்கும் நாலு கட்டைக்கும் நடுவே கறுப்புக் கட்டை கிடையாது. ஆகவே ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போவது இரண்டு அரைச்சுரம், மூன்றிலிருந்து நாலுக்குப் போவது ஒன்றே ஒன்று. கட்டைக் கணக்கில் இடைவெளியை அளப்பவர் இந்த இடத்தில்தான் முதலில் வழுக்குவார்.

சுரக்கூட்டு, ஒரு சுரத்தை விட்டு அடுத்த சுரத்தை எடுப்பதால் உண்டாகிறது. ச, ரியை விட்டு க, மவை விட்டு ப என்று எடுத்தால் மூன்று சுரம் கிடைக்கும். இப்படி ஒன்றைத் தாண்டிப் போவதைத் தாவல் என்போம். ச விலிருந்து க3க்குத் தாவினால் நான்கு அரைச்சுரம். இது பெரிய தாவல், மேற்கத்தியப் பாடத்தில் மேஜர் தேர்ட். ச விலிருந்து க2க்குத் தாவினால் மூன்று அரைச்சுரம். இது சிறிய தாவல், மைனர் தேர்ட். மூன்று சுரக் கூட்டில் தாவல்கள் இரண்டு. ஒவ்வொன்றும் பெரியதாகவோ சிறியதாகவோ இருக்கலாம் என்பதால் வகைகள் நான்கு.

அடியில் பெரியது, மேலே சிறியது என்றால் மேஜர்: ச, க3, ப. அடியில் சிறியது, மேலே பெரியது என்றால் மைனர்: ச, க2, ப. இரண்டும் சிறியதென்றால் டிமினிஷ்ட்: ச, க2, ம2. இரண்டும் பெரியதென்றால் ஓக்மென்டட்: ச, க3, த1. மேஜரிலும் மைனரிலும் வெளிச் சுரங்கள் இரண்டும் ஒன்றுதான்; 4உம் 3உம் எப்படிக் கூட்டினாலும் 7, அது பஞ்சமத்தின் இடம். நடுச்சுரம் மட்டும் இடம் மாறுகிறது. மற்ற இரண்டில் வெளிச்சட்டமே மாறிவிடுகிறது. டிமினிஷ்ட்டில் அது 6ஆகக் குறுகி, ஓக்மென்டட்டில் 8ஆக விரிகிறது. காதுக்கும் வேறுபாடு இந்த ஒழுங்கிலேயே புலப்படும். பஞ்சமம் நின்றால் கூட்டு ஓய்ந்து நிற்கும். அது நிற்காவிட்டால் அடுத்த சுரத்துக்கு நகரத் தவிக்கும்.

இவ்வளவு எளிய கணக்கை ஐரோப்பா ஒரே நாளில் எட்டவில்லை. வெனிஸில் 1558இல் வெளியான நூலில் ஸார்லினோ, பஞ்சமத்தின் இரு முனைகளுக்கு நடுவே வரும் சுரம் பெரிய தாவலைக் கீழே வைக்கிறதா மேலே வைக்கிறதா என்பதைக் கொண்டு இருவகை இசைவைப் பிரித்தார். அவருக்கு அது அதிர்வு விகிதங்களைப் பற்றிய பேச்சு. மேஜர் 4:5:6, மைனர் 10:12:15. மூன்று சுரத்தையும் ஒரே பொருளாகப் பார்த்து 'மும்மை' என்ற கருத்தில் பெயரிட்டவர் லிப்பியஸ். அவர் நூல் 1612இல் வந்தது. ஆனாலும் அந்நாளைய வாத்தியக்காரர்கள் அடிச்சுரத்தின்மேல் எண்களை எழுதி, அதற்கு மேலே என்னென்ன இடைவெளி என்றே படித்தார்கள். அடிச்சுரம் மாறினால் அவர்களுக்குக் கூட்டும் மாறிவிடும். இதைப் புரட்டிப்போட்டது 1722இல் பாரிஸில் வெளியான ராமோவின் நூல். கேட்கும் அடிச்சுரம் வேறு, கூட்டின் வேர்ச்சுரம் வேறு என்றார் அவர். சுரங்களை மேலும் கீழுமாக எப்படி மாற்றி வைத்தாலும், தாவல்களாகத் திரும்ப அடுக்கியபின் அடியில் வருவதே வேர், பெயர் அதற்கே உரியது. இன்று கீபோட் பழகும் பிள்ளை படிப்பதும் ராமோவின் இந்த முடிவைத்தான்.

அடிச்சுரத்தை வேர் என்று நம்புவதால் வரும் பிழைக்கு ஹிந்தோளம் நல்ல எடுத்துக்காட்டு. அதன் சுரங்கள் ச, க2, ம1, த1, நி2, பஞ்சமம் இல்லை. பாட்டு சட்ஜத்தில் வந்து நிற்கிறது, வாசிப்பவர் ச, க2, த1 மூன்றையும் ஒன்றாக அழுத்துகிறார். அடியில் ச, அதற்கு மேல் மூன்று அரைச்சுரத்தில் க2. சிறிய தாவல் அடியில் இருப்பதால் இது மைனர் என்று சொல்லிவிடத் தோன்றும். ஆனால் க2விலிருந்து த1க்கு ஐந்து அரைச்சுரம். ஐந்து தாவலே அல்ல; ஆகவே அடுக்கு இன்னும் ஒழுங்குக்கு வரவில்லை. கீழேயுள்ள ச வைத் தூக்கி மேல் சட்ஜமாக வைத்தால் வரிசை க2, த1, ச ஆகும். இடைவெளி 5, 4. மறுபடியும் கீழேயுள்ள க2வை மேலே தூக்கினால் த1, ச, க2 என்று அமையும். இடைவெளி 4, 3. இப்போது இரண்டும் தாவல்கள், பெரியது அடியில். இது தைவதத்தை வேராகக் கொண்ட மேஜர். ஹிந்தோளத்தில் சட்ஜத்தை மைனராக்கப் பஞ்சமமே கிடையாது என்பதை நினைவில் வைத்திருந்தால் இந்தப் பிழை முதலிலேயே பிடிபட்டிருக்கும்.

தூக்கித் தூக்கி வைப்பதைவிட விரைவான வழி ஒன்று உண்டு. மூன்று சுரத்தையும் ஒரு ஸ்தாயிக்குள் வட்டமாகப் பார்த்து மூன்று இடைவெளிகளையும் எண்ணுங்கள்; கடைசிச் சுரத்திலிருந்து முதல் சுரத்தின் மேல் ஸ்தாயிக்குப் போகும் இடைவெளியையும் சேர்த்து எண்ண வேண்டும். மூன்றின் கூட்டுத்தொகை எப்போதும் 12. மேஜருக்கு 4, 3, 5. மைனருக்கு 3, 4, 5. டிமினிஷ்ட்டுக்கு 3, 3, 6. ஓக்மென்டட்டுக்கு 4, 4, 4. முதல் மூன்று வகையிலும் ஆகப் பெரிய இடைவெளி ஒன்று தனித்துத் தெரியும். அந்த இடைவெளியைத் தாண்டியதும் வரும் சுரம்தான் வேர். ஹிந்தோளக் கூட்டில் இடைவெளிகள் 3, 5, 4. ஐந்தைத் தாண்டினால் த1, அங்கிருந்து படித்தால் 4, 3. பாமாலைப் புத்தகத்தில் நான்கு குரல்களும் இரண்டு ஸ்தாயிக்கு மேல் விரிந்து கிடக்கும்போதும் இந்த எண்ணிக்கை கைகொடுக்கும். இரட்டிப்பாக வந்த சுரத்தை ஒருமுறை மட்டும் எடுத்துக்கொண்டு, எல்லாவற்றையும் ஒரு ஸ்தாயிக்குள் கொண்டுவந்து எண்ணினால் போதும்.

தனிக் கூட்டிலிருந்து ஒரு முழு இராகத்துக்கு வருவோம். மேளகர்த்தா இராகத்தில் ஏழு சுரமும் உண்டு. ச, க, ப, நி, ரி, ம, த, மறுபடியும் ச என்று தாவிக்கொண்டே போனால் ஏழு தாவலில் இரண்டு ஸ்தாயி ஏறி ஏழு சுரத்தையும் தொட்டு வந்துவிடலாம். இதைத் தாவல் சங்கிலி என்பேன். இரண்டு ஸ்தாயி என்பதால் ஏழு எண்களும் சேர்ந்து 24 வர வேண்டும். வராவிட்டால் எங்கோ எண்ணிக்கை தவறியிருக்கிறது. சங்கராபரணத்துக்கு எழுதிப் பார்த்தால் ச-க 4, க-ப 3, ப-நி 4, நி-ரி 3, ரி-ம 3, ம-த 4, த-ச 3. கூட்டினால் 24. இனி அடுத்தடுத்த இரண்டு எண்களைச் சேர்த்துப் படித்தால் எல்லாக் கூட்டுகளின் பெயரும் தானே வரும். ச வில் 4, 3 என்பதால் மேஜர். க வில் 3, 4 மைனர். ப வில் 4, 3 மேஜர். நி யில் 3, 3 டிமினிஷ்ட். ரி யில் 3, 4 மைனர். ம வில் 4, 3 மேஜர். த வில் 3, பிறகு சங்கிலி திரும்பி வரும் 4, மைனர். மேற்கத்திய மேஜர் ஸ்கேலுக்குப் பாடநூல் சொல்லும் பட்டியலும் இதுவே. சங்கிலியில் 4 என்ற எண் எங்கும் இரண்டு முறை அடுத்தடுத்து வராததால்தான் சங்கராபரணத்தில் ஓக்மென்டட் கிடையாது என்ற காரணமும் கண்ணுக்குத் தெரிகிறது.

கீரவாணிக்கு அதே சங்கிலி 3, 4, 4, 3, 3, 3, 4. நான்கு வகையும் ஒரே இராகத்தில் கிடைக்கின்றன. ச வும் ம வும் மைனர், ப வும் த வும் மேஜர், நி யும் ரி யும் டிமினிஷ்ட், க ஓக்மென்டட். நான்கு பெயரையும் காதால் பிரித்தறியப் பழக நினைப்பவருக்குக் கீரவாணியைவிடப் பொருத்தமான இராகம் எனக்குத் தெரியவில்லை. வேறு சுருதிக்கோ வேறு இராகத்துக்கோ போகாமல், ஒரே சட்ஜத்தின்மேல் நான்கையும் பக்கம் பக்கமாக வாசித்துக் கேட்கலாம்.

ஓக்மென்டட் தனியாகப் பேச வேண்டிய ஒன்று. அதன் வட்ட இடைவெளிகள் 4, 4, 4 என்பதால் பெரிய இடைவெளி என்று ஒன்று இல்லை; வேர் எது என்று கட்டைகள் சொல்லமாட்டா. பாட்டோடு தானே தாளம் சேர்த்து வாசிக்கும் கீபோட்டுகளில், அடிச்சுரத்தையே வேராக எடுத்துக்கொள்ளும் வகையில் ஒன்றை எடுத்து ச, க3, த1 மூன்றையும் ஒரு கட்டைச் சுருதியில் அழுத்தினால் திரையில் Caug என்று வரும். அதே மூன்று சுரத்தை க3 அடியில் வரும்படி மாற்றி அழுத்தினால் Eaug ஆகிவிடும். ஒலியில் எதுவும் மாறவில்லை. பன்னிரண்டு கட்டைகளிலிருந்து ஒலியளவில் வேறுபட்ட ஓக்மென்டட் கூட்டுகள் நான்குதான் கிடைக்கும். மற்றவை இவற்றின் மறுபெயர்கள்.

இங்கே இராகம் உதவிக்கு வருகிறது. கர்நாடக முறையில் சுரத்தின் பெயர் கட்டையை மட்டும் பொறுத்ததல்ல. 3 என்று எண்ணிய அதே கட்டை ஓர் இராகத்தில் சாதாரண காந்தாரம், இன்னொன்றில் ஷட்ஸ்ருதி ரிஷபம். கூட்டின் வேரைக் கண்டுபிடிக்கும்போது நாம் எண்ணுவது அரைச்சுரத்தை மட்டுமல்ல, சுரப் பெயரையும் ஒன்றுவிட்டு ஒன்றாக எண்ணுகிறோம். மாயாமாளவகௌளையில் த1, ச, க3 என்ற கூட்டில் த விலிருந்து நி யை விட்டு ச, ச விலிருந்து ரி யை விட்டு க. இரண்டும் முறையான தாவல். அதையே ச, க, த என்று அடுக்கினால் க வுக்கும் த வுக்கும் நடுவே ம, ப என்று இரண்டு சுரம் விடுபடுகிறது, தாவல் குலைந்தது. ஆகவே வேர் தைவதம். அதே மூன்று கட்டைகளும் வேறோர் இராகத்தில் வேறு பெயரோடு வந்தால் வேரும் மாறும். திரையால் தீர்க்க முடியாததை இராகலட்சணம் தீர்த்துவைக்கிறது. மேற்கத்தியர் ஒரே கட்டையை ஈ ஃபிளாட் என்றும் டீ ஷார்ப் என்றும் இரண்டாக எழுதுவதும் இதே தேவைக்குத்தான். சலநாட்டையில் ச, ரி3, ப மூன்றையும் சேர்த்து வாசித்தால் காதுக்கு அது மைனர், திரையிலும் Cm. இராகத்துக்குள்ளோ அது தாவல் அடுக்கே அல்ல. அங்கே காந்தாரம் அந்தர காந்தாரம், ச வின் கூட்டு மேஜர்.

எழுபத்திரண்டு மேளகர்த்தாக்களையும் இந்தக் கண்ணோடு பார்த்தால் ஒரு கணக்கு கிடைக்கிறது. எல்லாவற்றிலும் ச வும் ப வும் மாறாதவை. எனவே ச வின் கூட்டு எந்த மேளத்திலும் டிமினிஷ்ட்டாகவோ ஓக்மென்டட்டாகவோ இருக்க முடியாது. ரிஷபமும் காந்தாரமும் சேரும் ஆறு வகைகளில் மூன்றில் க3, இரண்டில் க2, ஒன்றில் சுத்த காந்தாரம். ஒவ்வொரு வகையும் பன்னிரண்டு மேளங்களில் வருவதால், ச வின் கூட்டு 36 மேளங்களில் மேஜர், 24இல் மைனர், கனகாங்கி முதலான 12இல் இரண்டுமில்லை. அந்தப் பன்னிரண்டில் ச விலிருந்து க வுக்கு இரண்டு அரைச்சுரம்தான். தாவல் என்று பெயர், அளவோ 2. பெரியதும் அல்ல, சிறியதும் அல்ல.

நான்கு பெயர்களின் எல்லை இங்கே தெரிகிறது. தாவல் 3ஆகவோ 4ஆகவோ இருக்கும்வரைதான் அவை பொருந்தும். சங்கராபரணம் போன்ற ஸ்கேல்களைக் கொண்டு வளர்ந்த கோட்பாட்டுக்கு அதற்கு மேல் பெரும்பாலும் தேவைப்படவில்லை. நமக்கோ, அரிச்சுவடியாகச் சரளி வரிசையில் பிள்ளை முதல் நாள் பாடும் மாயாமாளவகௌளையிலேயே தேவைப்படுகிறது.

அதன் சுரங்கள் ச, ரி1, க3, ம1, ப, த1, நி3. சங்கிலி எழுதினால் ச-க 4, க-ப 3, ப-நி 4, நி-ரி 2, ரி-ம 4, ம-த 3, த-ச 4. மொத்தம் 24, எண்ணிக்கை சரி. படித்தால் ச மேஜர், க மைனர், ரி மேஜர், ம மைனர், த ஓக்மென்டட். இந்த ஐந்துக்கும் பெயர் உண்டு. ப வில் 4, 2. நி யில் 2, 4. இவ்விரண்டுக்கும் நான்கில் எதுவும் பொருந்தாது. காகலி நிஷாதத்துக்கும் சுத்த ரிஷபத்துக்கும் நடுவே சட்ஜம் மட்டுமே இருப்பதால் சங்கிலியில் அந்த 2 விழுகிறது. மாற்றி அடுக்கினாலும் தப்பிக்க முடியாது. வட்ட இடைவெளி 4, 2, 6 எந்தத் திசையிலும் 3ஐயும் 4ஐயும் மட்டும் கொண்டு அமையாது. மேற்கிலும் நி யின் கூட்டைப் போன்ற ஒலிகள் வந்தபோது அவற்றை நான்கு பெயருக்குள் அடைக்காமல் 'இத்தாலியன் ஸிக்ஸ்த்' என்று தனிப்பெயர் கொடுத்தே ஒதுக்கினார்கள்.

இனி ஒரு கீர்த்தனையை எடுத்துக்கொள்வோம். ஒரு கட்டைச் சுருதி, மாயாமாளவகௌளை. மேற்கத்தியப் பழக்கத்தில் வளர்ந்த கை, பாட்டு பஞ்சமத்தில் வந்ததும் ப மேஜரைத் தேடும். அது ப, நி3, ரி2. நான்கு பெயர்களில் ஒன்று கிடைத்துவிட்டது, ஆனால் இராகத்தில் இல்லாத சதுஸ்ருதி ரிஷபமும் கூடவே வந்துவிட்டது. பாடுபவர் அதே நேரம் ரி1ஐத் தொட்டால் நடு ஸ்தாயியில் நொடிக்கு ஏறக்குறைய 277 அதிர்வும் 294 அதிர்வும் ஒன்றோடொன்று மோதும். கரகரப்பாகக் கேட்கும் அந்த மோதல்தான் பிழையின் முதல் அடையாளம். இரண்டாவது அடையாளம் அதைவிடக் கெட்டது. சபை முழுவதும் கருவியை நம்பிப் பாடும் இடத்தில், சில ஞாயிறுகளில் பாடுபவர்களே ரி2க்கு ஏறிவிடுவார்கள். பிறகு ச விலிருந்து ரி க்குப் போகும்போது மாயாமாளவகௌளையின் முகமே மறைந்துவிடும். பெயருக்காக இராகத்தை விலையாகக் கொடுத்ததாக நான் இதை எடுத்துக்கொள்கிறேன். கீர்த்தனை வாசிப்பில் நான் ஒப்புக்கொள்ளாத ஒரே பழக்கம் இதுதான்.

மாற்று வழிகள் இராகத்துக்குள்ளேயே இருக்கின்றன. பஞ்சமம் நீண்டு நிற்கும்போது ப வும் நி யும் மட்டும் போதும். அதற்குப் பெயர் தேவையில்லை. க வின் மைனராகிய க3, ப, நி3ஐயும் வைக்கலாம். அதிலும் பஞ்சமம் உண்டு. மத்தியமத்துக்கு ம, த1, ச என்ற மைனர் இயல்பாகப் பொருந்தும். ரி1இல் பாட்டு தங்கினால் ரி1, ம1, த1 என்ற மேஜர் இருக்கிறது. அதிலிருந்து ச மேஜருக்கு இறங்கும்போது ரி, ச வுக்கும் ம, க வுக்கும் த, ப வுக்கும் ஒவ்வொரு அரைச்சுரம் இறங்குகின்றன. மூன்று சுரமும் ஒன்றாக அரைச்சுரம் நகர்வது கேட்கக் கனமாகத்தான் இருக்கும். அடிக்கடி செய்தால் அலுப்புத் தட்டும், ஒரு பாட்டில் ஒருமுறை வந்தால் நன்றாக இருக்கும்.

பெயர் பொருந்தாத ப, நி3, ரி1 கூட்டையும் நான் ஒதுக்கமாட்டேன். முடிவில் ச வுக்கு வரும் இடத்தில் அதை வைத்துப் பாருங்கள். நி ஓர் அரைச்சுரம் ஏறி ச வைத் தொடும், ரி ஓர் அரைச்சுரம் இறங்கி அதே ச வைத் தொடும். இரண்டு பக்கத்திலிருந்தும் சட்ஜம் நெருக்கப்படுகிறது. ப மேஜருக்கு ஒரு பக்க இழுப்புத்தான் உண்டு. கிற்றார்காரருக்குத் தாளில் எழுதிக் கொடுக்கும்போது இதை G(b5) என்று எழுதலாம். மேஜராக அடுக்கி ஐந்தாம் சுரத்தை ஓர் அரைச்சுரம் இறக்கு என்பதே அதன் பொருள். அடுக்கின் வகைப்பெயராக இல்லாமல் விலகலைக் காட்டும் குறிப்பாக இருப்பதால் இந்த இடத்துக்கு அது நேர்மையான பெயர்.

கணக்கு சரியாக வந்தபிறகும் ஒரு தடை மிஞ்சும். கட்டைகளின் சுருதியும் குரலின் சுருதியும் ஒன்றல்ல. தம்புராவோடு பாடும்போது அந்தர காந்தாரம் சட்ஜத்துக்கு 5:4 என்ற விகிதத்தில் வந்து அமர விரும்பும். கீபோட்டில் ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பாகமாகப் பிரித்திருப்பதால் அதே காந்தாரம் சற்று மேலே நிற்கும். நடு ஸ்தாயியில் சட்ஜத்தையும் காந்தாரத்தையும் அதில் சேர்த்து வாசித்தால் நொடிக்கு ஏறக்குறைய 10 முறை ஒலி துடிக்கும். ஸார்லினோவின் 4:5:6 எந்தக் கீபோட்டிலும் துல்லியமாகக் கிடைப்பதில்லை. மேஜர் என்ற பெயரும் மைனர் என்ற பெயரும் தாவல் எந்த வகை என்பதைச் சொல்கின்றன, அதன் சரியான அளவைச் சொல்வதில்லை. குரல் அளவைத் தேடுகிறது. ஆர்மோனியத்தைக் கர்நாடக மேடை நெடுங்காலம் தள்ளிவைத்ததற்கும், 1940இல் அகில இந்திய வானொலி அதை விலக்கியதற்கும் பின்னால் இருந்த மனக்குறைகளில் இதுவும் ஒன்று. குடாநாட்டில் காங்கேசன்துறை வி. வி. வைரமுத்துவின் இசை நாடகங்களில் ஆர்மோனியம் அடைந்த இடம் வேறு. அங்கே அது பாட்டின் மெட்டைத் தொடர்ந்து ஓடியது. சுரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நிறுத்தாததால் இந்தத் துடிப்பு பெரிதாகக் காதில் விழவில்லை. சுரக்கூட்டு நீண்டு நிற்கும்போதுதான் அது வெளிப்படும்.

மாயாமாளவகௌளையில் ரி1உம் த1உம் கமகத்தோடு அசைந்து வரும் சுரங்கள். அவற்றை வேராக வைத்த கூட்டை அழுத்திப் பிடித்தால், அசையும் குரலுக்குக் கீழே அசையாத ஒலி ஒன்று நிற்கும். எனவே கீர்த்தனையில் பாட்டு ரி யிலோ த விலோ அசைந்துகொண்டிருக்கும்போது ச, க3, ப என்ற ச மேஜரிலேயே கையை வைத்திருப்பது நல்லது. அசைவு முடிந்து குரல் ஒரு சுரத்தில் நேராக நிற்கும் இடத்தில் கூட்டை மாற்றலாம். பாட்டை முதலில் ஒருமுறை கருவியின்றிப் பாடிப் பார்த்து, அப்படி நிற்கும் இடங்களை மட்டும் தாளில் குறித்துக்கொண்டால், ஒரு பல்லவிக்கு நான்கைந்து கூட்டுக்கு மேல் வேண்டியிருக்காது.